ஞாயிற்றுக்கிழமைக் கழுதை: வெளிநாட்டு அப்பாவின் சீட்டாட்டத்தைச் சிறுகதையாக எழுதும் முறை

வெளிநாட்டில் வேலை செய்யும் ஓர் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பில் பிள்ளைகளோடு சீட்டு ஆடுகிறார். இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எழுத உட்காரும் பலர், முதல் பத்தியிலேயே பிரிவின் துயரத்தை விவரிக்கத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் சொல்வதற்கு ஏதுமின்றி நின்றுவிடுகிறார்கள். துயரத்தை வாசகர் எங்கும் படித்துக்கொள்ளலாம். அவர் இதுவரை படித்திராதது அந்தச் சீட்டாட்டம்தான். எனவே ஆட்டத்தையே கதையின் எலும்பாக வைத்து, விதிகளின் வழியாகவே அப்பாவும் பிள்ளைகளும் தங்களைக் காட்டிக்கொள்ளும்படி ஒரு கதையைக் கட்டுவது எப்படி என்பதை, ஒரே ஓர் எடுத்துக்காட்டுக் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அமைத்துக்காட்டி விளக்குகிறேன்.

முதல் படி: ஞாயிறு எந்த நாட்டு ஞாயிறு?

அப்பாவை எந்த நாட்டில் வைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் ஞாயிறு எல்லா நாட்டிலும் விடுமுறை அல்ல. சவூதியிலும் குவைத்திலும் வார விடுமுறை வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. அங்கே ஞாயிறு வேலை நாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அலுவலகங்களின் விடுமுறை 2022 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாறியது. ஆகவே 2015இல் துபாயில் இருக்கும் அப்பா ஞாயிறு மாலை ஓய்வாகச் சீட்டு ஆடுவதாக எழுதினால், அங்கே இருந்து வந்த எந்த வாசகரும் கதையை அங்கேயே மூடிவிடுவார். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு சாதாரணமாக வேலை செய்யாது, அனுமதி பெற்ற வேறு செயலிகளைத்தான் பயன்படுத்துவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

நமது கதைக்குச் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பொதுவாக ஞாயிறுதான் ஓய்வு நாள். சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்கள் தலைமுறைகளாக அங்கே போய்வருகிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அப்பா துவாஸ் பக்கத்து டார்மிட்டரியில் இரவு ஏழு மணிக்கு அழைத்தால் ஊரில் மாலை நாலரை. அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்; இங்கே மேற்கு வெயில் வாசல் வழியாக வீட்டுக்குள் நீண்டு கிடக்கும். இந்த வெயில் பிறகு நமக்குத் தேவைப்படும்.

சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு நாளில் முதலாளி கேட்டுக்கொண்டு தொழிலாளி முழுநாள் வேலை செய்தால், சட்டப்படி அவருக்கு இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். அதாவது அந்த அப்பாவின் ஞாயிற்றுக்கு ஒரு விலை இருக்கிறது. அவர் அழைத்துச் சீட்டு ஆடும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரட்டைச் சம்பளத்தை வேண்டாம் என்று விட்ட ஞாயிறாக இருக்கக்கூடும். இதைக் கதையில் ஒரே ஒரு இடத்தில், அம்மாவின் வாயால், போகிற போக்கில் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: எந்த ஆட்டம்?

ரம்மி வேண்டாம். ரம்மியில் எடுப்பதற்கு ஒரு கட்டும் போடுவதற்கு ஒரு குவியலும் ஜோக்கரும் இருப்பதால், தொலைபேசி வழியே ஆடுவது குழப்பம். எழுதுவது அதைவிடக் குழப்பம். மேலும் ரம்மி ஜெயிப்பவரைப் பற்றிய ஆட்டம். நமக்குத் தோற்பவரைப் பற்றிய ஆட்டம் வேண்டும். அதற்குக் கழுதையை விடப் பொருத்தமான ஆட்டம் நம்மிடம் இல்லை.

கழுதையின் விதிகளை அறியாத வாசகரும் கதையைத் தொடர முடிய வேண்டும். ஆகவே எழுத்தாளர் முதலில் தமக்காகவே அவற்றைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான்கு பேர் ஆடினால் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆட்டத்தைத் தொடங்குவார். இறக்கிய இனத்தையே மற்றவர்களும் போட வேண்டும். எல்லோரும் அதே இனத்தைப் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஒதுக்கப்படும், பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த இனத்தை இறக்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையென்றால் அவர் வேறு இனத்தில் ஒன்றைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும் அந்தச் சுற்று நின்றுபோகும். இறக்கிய இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் கீழே கிடக்கும் அத்தனையையும் கையில் அள்ளிக்கொண்டு, தானே அடுத்ததையும் இறக்க வேண்டும். கையைக் காலி செய்தவர்கள் ஒவ்வொருவராகத் தப்பித்துப் போக, கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால், உங்கள் ஊரில் எப்படி ஆடுவார்களோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் மட்டும் மாற்றிவிடாதீர்கள். நமது கதைக் குடும்பத்துக்கு ஒரு கூடுதல் விதி சேர்க்கிறேன். கழுதை ஆனவர் மூன்று முறை கழுதை போலக் கத்த வேண்டும். தோற்றால் அப்பா அங்கே, அறைத் தோழர்கள் படுத்திருக்கும் அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே, வாய்விட்டுக் கத்த வேண்டியிருக்கும். விதி ஒன்று, ஆனால் வீட்டில் அது சிரிப்பு, டார்மிட்டரியில் அது வேறு.

மூன்றாம் படி: சீட்டு எப்படிக் கைமாறுகிறது?

பெரும்பாலான கதைகள் விழுந்துவிடும் இடம் இதுதான். அப்பா கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். அவருடைய பதின்மூன்று சீட்டுகள் சிவகங்கை மாவட்டத்து வீடொன்றின் தரையில் இருக்கின்றன. அவற்றை யார் பிடித்திருப்பது? யாருக்கும் தெரியாமல் அவர் எப்படிப் பார்ப்பது? இதற்குப் பதில் சொல்லாமல் ‘அவர்கள் சீட்டு ஆடினார்கள்’ என்று எழுதினால் வாசகர் அடுத்த வரிக்கு வரமாட்டார்.

எளிய வழியாகச் செயலியில் ஆடுவதாக எழுதிவிடலாம். அப்படி எழுதினால் கதையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருளும் இருக்காது. அப்பாவிடமும் ஒரு கட்டு, வீட்டிலும் ஒரு கட்டு என்றால், அவருக்கு விழுந்த சீட்டுகளை ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும், ரகசியம் போய்விடும். ஆகவே நாம் ஒரு கையைக் கடன் வாங்குவோம். அது அப்பத்தாவின் கை.

அப்பத்தா ஆடுவதில்லை. தொலைபேசியை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மகனுக்கு விழுந்த சீட்டுகளை விசிறிபோல விரித்துப் பிடிக்கிறார். சீட்டின் முகம் தொலைபேசியைப் பார்க்கிறது; முதுகு அப்பத்தாவையும் மற்றவர்களையும் பார்க்கிறது. மகன் “இந்தப் பக்கத்திலிருந்து நாலாவது ஆத்தா” என்பார். அவருடைய இடப்பக்கம் அப்பத்தாவுக்கு வலப்பக்கம் என்பதால் முதல் சில வாரங்களில் தவறான சீட்டு உருவப்பட்டுப் பெரிய சண்டை நடந்திருக்கும். பிறகு அப்பத்தா ஒரு முறை கண்டுபிடித்திருப்பார்: பீரோ பக்கம், வாசல் பக்கம் என்று சொல்ல வேண்டும். “வாசப் பக்கத்திலேர்ந்து மூணு.” சிங்கப்பூரில் இருப்பவர் தம் வீட்டு வாசலை வைத்துச் சீட்டு எண்ணுகிறார். இதற்கு மேல் ஏக்கத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை, எழுதினால் கெட்டுவிடும்.

இந்த ஏற்பாட்டின் சிக்கல்களையும் எழுத்தாளர் யோசித்து வைத்திருக்க வேண்டும். அப்பத்தாவின் விசிறி தொலைபேசிக்கு நெருக்கமாக வந்தால்தான் எண் தெரியும். அப்போது திரை முழுவதையும் சீட்டுகளே மறைத்துக்கொள்ளும், அப்பாவுக்கு வேறு எதுவும் தெரியாது. அவருடைய முறை முடிந்ததும் அப்பத்தா சீட்டுகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். அப்போதுதான் அப்பாவுக்குக் கூடம் தெரியும், பிள்ளைகள் தெரிவார்கள். வெட்டு வாங்கி வாங்கி அப்பாவின் கை இருபது சீட்டைத் தாண்டினால் அப்பத்தாவின் விரல்களுக்கு அடங்காது. சரிந்து விழும், எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடர்பில் ஒரு நொடி தாமதம் இருக்கும். மகள் சீட்டைக் கீழே வைப்பதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்த பிறகுதான் அப்பா பார்ப்பார். அவருடைய “அடடா” அதற்கும் பிறகு வந்து சேரும். இந்த ஒரு நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திறவுகோல் அதில் இருக்கிறது.

நான்காம் படி: ஆட்டத்தில் ஒரு விரிசல்

அப்பா தொடர்ந்து தோற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும் அப்பா எல்லோரும் அறிந்தவர்தான். அவரால் மட்டும் கதை நகராது. அவர் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு தனிக் காரணமும், விட்டுக்கொடுக்கும் முறையில் ஒரு களவும் இருக்க வேண்டும்.

காரணம் மகன் கார்த்தி. எட்டு வயது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு அவன் கழுதை ஆனான். கத்த மாட்டேன் என்று அழுதான். அடுத்த ஞாயிறு அப்பா அழைத்தபோது தொலைபேசிப் பக்கமே வரவில்லை. மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த ஞாயிறு அப்பா கூடத்துச் சுவரையும் அப்பத்தாவின் காதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு வாங்கிய ஞாயிறு. அதற்குப் பிறகு கார்த்தி கழுதை ஆனதே இல்லை.

களவு பீரோவில் இருக்கிறது. கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ ஒன்று. அதன் கதவு சரியாக மூடாது. கொஞ்சம் திறந்து சாய்ந்தபடியே நிற்கும். மகள் வள்ளி, பன்னிரண்டு வயது, அதற்கு முன்னால் உட்காருகிறாள். எதிரில் இருக்கும் தம்பி எட்டிப் பார்ப்பான் என்பதற்காகச் சீட்டுகளை அவனிடமிருந்து திருப்பித் தோளுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கிறாள். அப்படித் திருப்பும்போது அவை பீரோக் கண்ணாடிக்கு முகம் காட்டுகின்றன. நாலரை மணி வெயில் வாசல் வழியே வந்து சீட்டுகளின் மேல் விழுகிறது. சொம்பில் சாய்ந்திருக்கும் தொலைபேசிக்கு அந்தக் கண்ணாடி தெரிகிறது.

வீடியோ எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கண்ணாடியில் எண் தெரியத் தேவையில்லை. சிவப்பா கறுப்பா என்பது தெரிந்தால் போதும். எழுதும்போது இப்படித்தான் சிக்கனமாக நடந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு எல்லாச் சீட்டும் தெளிவாகத் தெரிந்தது என்று எழுதினால் நம்ப முடியாது. மகளின் கை முழுவதும் சிவப்பாக இருக்கிறது என்று எழுதினால் நம்பலாம், ஆட்டத்துக்கும் அது போதுமானது: அவளிடம் இஸ்பேட்டும் இல்லை, கிளாவரும் இல்லை.

ஐந்தாம் படி: ஒரு கையை முழுதாக அமைத்தல்

இப்போது ஒரு நிஜச் சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். கதையின் மையமான அந்த ஒரு சுற்றை உண்மையாகவே அமைத்துப் பார்க்காமல் எழுதக் கூடாது. தாளில் யோசித்தால் ஐம்பத்து மூன்றாவது சீட்டு எங்கிருந்தோ முளைத்துவிடும்.

வரிசை இது: அப்பா, கார்த்தி, அம்மா, வள்ளி. அம்மாவிடம் இஸ்பேட் ஆஸ் இருக்கிறது. இறக்குகிறார், எல்லோரும் இஸ்பேட் போடுகிறார்கள். அம்மா அடுத்துக் கிளாவர் இறக்குகிறார். எல்லோரும் கிளாவர் போட, அப்பா ராணியைப் போட்டு மேலே நிற்கிறார். பிறகு அப்பா கிளாவர் ஆஸை இறக்குகிறார். மறுபடியும் எல்லோரும் கிளாவர் போடுகிறார்கள். மூன்று சுற்று முடிந்தது. ஒவ்வொருவர் கையிலும் பத்துச் சீட்டு. பதின்மூன்று கிளாவரில் எட்டுப் போய்விட்டன, மீதி ஐந்து. அவற்றில் ராஜாவும் நாலும் அப்பாவிடம். ஒன்பதும் பத்தும் கார்த்தியிடம். ஆறு அம்மாவிடம். வள்ளியிடம் ஒன்றுமில்லை; ஒரு இஸ்பேட்டும் இரண்டு கிளாவரும் போய், மீதிப் பத்தும் சிவப்பு.

நான்காவது சுற்றை அப்பா இறக்க வேண்டும். அவர் கிளாவரையே மறுபடி இறக்குவதாக இருந்தால், நாலா ராஜாவா என்பதே கேள்வி. நாலை இறக்கினால், கார்த்தி ஒன்பதையோ பத்தையோ போட்டே ஆக வேண்டும், அம்மா ஆறு, வள்ளி வெட்டுவாள். கிளாவரில் பெரியது கார்த்தியுடையது. நான்கையும் அவன் அள்ள வேண்டும். ராஜாவை இறக்கினால் அதே வெட்டு விழும், ஆனால் அள்ளுவது அப்பா. ஆட்டம் தெரிந்த யாரும் அந்த இடத்தில் ராஜாவை இறக்க மாட்டார். வெளியே இருப்பது மூன்று கிளாவர். மூன்று பேரிடமும் ஒவ்வொன்று இருந்தால்தான் வெட்டு விழாமல் தப்பிக்க முடியும். அப்படி அமையாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இதை எண்ணிப் பார்த்து ஆடக் கற்றுக்கொடுத்தவரே அப்பாதான். வள்ளிக்கும் எண்ணத் தெரியும்.

இவ்வளவையும் கதையில் எழுதக் கூடாது. எழுத்தாளர் அறிந்திருந்தால் போதும், வாசகருக்கு மூன்று நான்கு வரிகளில் அதன் நிழல் விழுந்தால் போதும். இப்படி எழுதலாம்:

> “வாசப் பக்கத்திலேர்ந்து ரெண்டாவது ஆத்தா.”
>
> அப்பத்தா உருவிப் போட்டாள். கிளாவர் ராஜா.
>
> வள்ளி மனசுக்குள் எண்ணினாள். எட்டுப் போயாச்சு. அப்பாவுக்குத் தெரியாதா?
>
> கார்த்தி பத்தைப் போட்டுவிட்டுத் தப்பித்தவன் மாதிரி கையை உதறினான். அம்மா ஆறைப் போட்டாள். வள்ளி ஆர்ட்டின் ஜாக்கியை உருவினாள். அது இன்னும் அவள் விரல் நுனியில்தான் இருந்தது.
>
> “அடடா, மாட்டிக்கிட்டேன்டா” என்றார் அப்பா.

இங்கேதான் அந்த ஒரு நொடி வேலை செய்கிறது. தாமதமாக வந்து சேர வேண்டிய “அடடா”, சீட்டு தரையைத் தொடுவதற்கு முன்பே வந்துவிட்டது. கூடத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. வள்ளி தொலைபேசியைப் பார்க்கிறாள். திரையின் மூலையில் அவர்கள் பக்கத்துப் படம் சிறிய கட்டத்தில் தெரிகிறது: அவள், அவள் தோள், தோளுக்குப் பின்னால் பீரோ, பீரோவுக்குள் சிவப்புச் சிவப்பாக ஒரு விசிறி. கண்டுபிடிப்பை விளக்க ஒரு வாக்கியம்கூடத் தேவையில்லை. அவள் சீட்டுகளை இறக்கிப் பிடித்தாள் என்று எழுதிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.

ஆறாம் படி: யார் கண் வழியாக?

அப்பாவின் பார்வையில் எழுதினால் களவு முதலிலேயே தெரிந்துவிடும், கதைக்குக் கண்டுபிடிப்பு இருக்காது. அவருடைய மனத்துக்குள் போய் நியாயம் சொல்லத் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அப்பத்தாவின் பார்வை கவர்ச்சியானது, ஆனால் அவர் பார்ப்பது சீட்டின் முதுகை மட்டுமே. வள்ளியின் பார்வையே சரி. பன்னிரண்டு வயதில் எண்ணத் தெரியும்; பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் தெரியும். படர்க்கையில், ஆனால் அவள் அறிந்ததற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எழுத வேண்டும். அப்பாவின் அறையும் அவளுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியலாம்: மேல் கட்டிலிலிருந்து தொங்கும் துண்டு, காய வைத்த நீலச் சட்டை, சில சமயம் திரையின் ஓரத்தில் கடந்து போகும் யாரோ ஒருவரின் வெறுங்கால்.

அப்பா கத்தும் காட்சியையும் அவள் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அவள் தம்பியோடு சேர்ந்து சிரித்தாள். கண்ணாடியைக் கண்டுபிடித்த அன்று, அப்பா கத்துவதற்கு முன் தலையைத் திருப்பி அறையில் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வதைக் கவனிக்கிறாள். அதை ஒரு வாக்கியத்தில் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வழக்கத்தையும் ஒரு நாளையும் பிரித்தல்

‘ஒவ்வொரு ஞாயிறும்’ என்பது கதைக்கு ஒரு பொறி. ஆடுவார்கள், சிரிப்பார்கள், கத்துவார் என்று வழக்கத்தைச் சொல்லும் வினைகளிலேயே பக்கங்கள் ஓடிவிடும், எதுவும் நடக்காது. வழக்கத்துக்கு இரண்டு பத்தி போதும். அதற்குள் அப்பத்தாவின் கை, வாசப் பக்கம் பீரோப் பக்கம், மூன்று கத்தல் ஆகியவை வந்துவிட வேண்டும். பிறகு ‘அன்று’ என்று தொடங்கி இறந்தகாலத்தில் இறங்கிவிடுங்கள்.

கதைக்கு மூன்று ஞாயிறு போதும். கார்த்தி கொட்டகைக்குப் போன ஞாயிறு நினைவாக, சுருக்கமாக வரட்டும். கிளாவர் ராஜா விழுந்த ஞாயிறு கதையின் பாதிக்கு மேல் நீளட்டும். அதற்கு அடுத்த ஞாயிறு முடிவு. இடையில் அம்மா சொல்லும் இரட்டைச் சம்பளத்தைக் கிளாவர் ராஜா ஞாயிற்றில், ஆட்டத்தின் நடுவே, ஒரு சீட்டுப் போடுவதற்கும் அடுத்ததற்கும் இடையில் செருகலாம். அம்மா கணவனோடு தனியாகப் பேச வாரத்தில் கிடைக்கும் நேரம் குறைவு; ஆகவே அவர் ஆட்டத்துக்குள்ளேயே குடும்பத்தை நடத்துவார். “டைமன் ஏழு. இந்த வாரமும் டபுள் குடுத்தாங்களாமே, போகலையா? நகைய இந்த மாசம் திருப்பணும்ங்க.” அப்பா அதற்குப் பதில் சொல்லாமல், “யார் முறை?” என்று கேட்பார். பதில் அதிலேயே இருக்கிறது.

பேச்சில் ஊர் இருக்க வேண்டும், ஆனால் அளவோடு. அப்பா தம் அம்மாவை ஆத்தா என்பார். மகளையும் கொஞ்சும்போது ஆத்தா என்பார். மகனை டேய் என்பார். அம்மா கணவனைப் பெயர் சொல்லாமல் ‘ங்க’ போட்டே பேசுவார். அப்பத்தா மகனை ஏய்யா என்று அழைத்து, சாப்பிட்டாயா என்பதை ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு முறை கேட்பார். கதை சொல்லும் நடை மட்டும் எழுத்துத் தமிழில் நிற்கட்டும்; இரண்டையும் கலந்தால் வள்ளியின் குரல் எது, கதைசொல்லியின் குரல் எது என்பது தெரியாமல் போகும்.

எட்டாம் படி: முடிவு

கண்ணாடியைக் கண்டுபிடித்த மகள் அடுத்த வாரம் என்ன செய்கிறாள் என்பதே முடிவு. கைக்கு முதலில் வரும் முடிவுகள் மூன்று. மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தொடர்பு அறுந்து திரை கறுத்துப் போவது ஒன்று. வீடியோ அழைப்பு வரும் கதைகள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. அது முடிவல்ல, நிறுத்தம். அப்பா ஒரு ஞாயிறு நேரிலேயே வந்து நிற்பது இரண்டாவது. அது கதையின் கேள்விக்குப் பதிலே அல்ல. மூன்றாவது, இனி வள்ளி தானே வேண்டுமென்று தோற்று அப்பாவைக் கத்துவதிலிருந்து காப்பாற்றுவது. இது அழகாகத் தெரிந்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. தியாகத்துக்குத் தியாகம் என்று வாசகர் முன்கூட்டியே யூகித்துவிடுவார்.

ஆட்டத்திலிருந்தே வரும் முடிவு ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு அழைப்பு வருவதற்கு முன் வள்ளி பீரோக் கதவை அழுத்தித் தள்ளி, இடையில் மடித்த காகிதத்தைச் செருகி இறுக்கி மூடுகிறாள். கண்ணாடி இப்போது எதிர்ச்சுவரைக் காட்டுகிறது. அவள் எதையும் சொல்வதில்லை, அப்பாவும் கேட்பதில்லை. ஆனால் அப்பா முதன்முறையாக யோசித்து ஆடுகிறார். முறை வரும்போதெல்லாம் தயங்குகிறார். “போடுங்கப்பா” என்று கார்த்தி கத்துகிறான். அவர் போடுவது, ஆட்டம் தெரிந்தவர் போடுவது போலச் சின்னச் சீட்டு. வள்ளி வெட்டுகிறாள். அள்ள வேண்டியது கார்த்தி. இத்தனை மாதமாக வெட்டு வாங்கிப் பழகாத அந்தப் பையன் சீட்டுகளை எல்லாம் தரையில் வீசிவிட்டு, அப்பாவைப் பார்த்து, “நீ அழுகுணி ஆட்டம் ஆடுற” என்கிறான். அப்பா ஒழுங்காக ஆடிய முதல் நாள் அது. கொட்டகை அங்கேயே இருக்கிறது. அவன் எழுந்து போவானா மாட்டானா என்பதைச் சொல்லாமல், வள்ளி சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி எண்ணிச் சரிபார்த்து அவன் முன்னால் வைப்பதோடு நிறுத்தலாம். வள்ளிக்கு அப்பாவின் மேல் கோபமா, பாசமா என்று ஒரு சொல்கூட வேண்டாம்.

எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வேண்டியவை

முதல் வரைவு முடிந்ததும் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, கதையில் விழும் ஒவ்வொரு சீட்டையும் விழும் வரிசையிலேயே போட்டுப் பாருங்கள். ஒரே சீட்டு இரண்டு முறை விழுகிறதா, இனம் கையில் இருக்கும்போதே யாராவது வெட்டிவிட்டார்களா என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு தொலைபேசியை ஒரு சொம்பில் சாய்த்து, யாரையாவது வேறு அறையிலிருந்து வீடியோவில் அழைக்கச் சொல்லி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். கண்ணாடி எந்தக் கோணத்தில் இருந்தால் சீட்டு தெரிகிறது, எவ்வளவு உயரத்தில் பிடித்தால் உடம்பு மறைப்பதில்லை, எந்த வெளிச்சத்தில் சிவப்பும் கறுப்பும் பிரிந்து தெரிகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பீரோப் பத்தியை நான்கு வரியில் எழுதிவிட முடியும். பார்க்காவிட்டால் பதினான்கு வரி எழுதியும் வாசகருக்குப் புரியாது.

அடுத்து, மணியைச் சரிபாருங்கள். வீட்டில் நாலரை என்றால் அங்கே ஏழு. ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டால் வீட்டில் ஆறு, வெயில் மங்கியிருக்கும், கண்ணாடியில் சீட்டு தெரியாது. ஆகவே கிளாவர் ராஜா ஆட்டத்தின் தொடக்கத்திலேயே விழ வேண்டும். நமது கையில் அது நான்காவது சுற்று என்பதால் பிழையில்லை. மழைக்காலத்தில் கதையை வைத்தாலும் வெயில் இருக்காது. ஆகவே மாசி, பங்குனி மாதங்களில் வையுங்கள், பள்ளியும் நடந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, ஏக்கம், பாசம், பிரிவு, தனிமை, கண்ணீர் ஆகிய ஐந்து சொற்களும் கதையில் எங்கெங்கே வருகின்றன என்று தேடுங்கள். அவற்றை அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் பொருள் குறைந்தால், அந்த இடத்தில் சீட்டு ஒன்று சரியாக விழவில்லை என்று கொண்டு, சொல்லைத் திரும்பச் சேர்க்காமல் ஆட்டத்தைத் திருத்துங்கள். மூன்று ஞாயிறும் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் சொற்களுக்குள் அடங்கிவிடும்; அதற்கு மேல் நீண்டால் வழக்கத்தைச் சொல்லும் அந்த முதல் இரண்டு பத்திகள்தான் பெருத்திருக்கும், அங்கிருந்தே வெட்டத் தொடங்கலாம்.